ரூபாய் சரியும்போது ரிசர்வ் வங்கி ஏன் வட்டியைக் குறைத்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 பிப்ரவரியில் ஒரு டாலர் 88 ரூபாயை நெருங்கிய அதே வாரத்தில்தான் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான ரெப்போ வட்டியை 6.50 சதவீதத்திலிருந்து 6.25க்கு இறக்கியது. டிசம்பர் 3ஆம் தேதி டாலர் முதல் முறையாக 90 ரூபாயைத் தாண்டியது. அதற்குள் 5.50க்கு வந்திருந்த வட்டி, இரண்டே நாளில் இன்னொரு கால் சதவீதம் குறைந்து 5.25 ஆனது. இதைப் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இங்கே.

ரூபாயின் மதிப்பைக் காப்பாற்றுவதுதானே ரிசர்வ் வங்கியின் முதல் வேலை?

சட்டப்படி அதன் முதல் வேலை விலைவாசியைக் கட்டுக்குள் வைப்பது. 2016இல் திருத்தப்பட்ட ரிசர்வ் வங்கிச் சட்டம், வளர்ச்சியை மனதில் கொண்டபடி விலை நிலைத்தன்மையைப் பேணுவதே நாணயக் கொள்கையின் முதன்மை நோக்கம் என்கிறது. அதற்கு அரசு வைத்த இலக்கு, நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 4 சதவீதப் பணவீக்கம். கீழே 2, மேலே 6 வரை போகலாம். தொடர்ந்து மூன்று காலாண்டுகள் இந்த எல்லைக்கு வெளியே இருந்தால், ஏன் தவறியது என்று வங்கி அரசுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். 2022இல் அப்படி ஒரு முறை நடந்தது.

டாலர் இத்தனை ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்று எந்த இலக்கும் இல்லை. அதற்காக ரூபாயின் சரிவு வங்கிக்குப் பொருட்டே இல்லை என்று ஆகிவிடாது. ஆறு பேர் கொண்ட நாணயக் கொள்கைக் குழு வட்டியை முடிவு செய்யும்போது, இந்தச் சரிவு அடுத்த ஓராண்டில் விலைவாசியில் எவ்வளவு சேர்க்கும், வளர்ச்சிக்கு என்ன செய்யும் என்றுதான் பார்க்கிறது. நாளுக்கு நாள் ரூபாய் துள்ளுவதை அடக்கும் வேலை தனி. அதை டாலரை வாங்கியும் விற்றும் வங்கி செய்கிறது.

ரூபாய் 5 சதவீதம் சரிந்தால் விலைவாசியும் 5 சதவீதம் ஏறுமா?

ஏறாது. ரிசர்வ் வங்கி தன் நாணயக் கொள்கை அறிக்கைகளில் இதற்கு ஒரு மதிப்பீடு தருகிறது. அண்மை ஆண்டுகளின் கணக்குப்படி, ரூபாய் 5 சதவீதம் சரிந்தால் பணவீக்கம் சுமார் 0.35 சதவீதப் புள்ளி கூடும். அதே சரிவு ஏற்றுமதிக்கு உதவுவதால் வளர்ச்சி சுமார் 0.25 புள்ளி கூடும்.

இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் நம் வீட்டுச் செலவிலேயே இருக்கிறது. அப்போது பயன்பாட்டில் இருந்த குறியீட்டில் உணவுப் பொருள்களுக்கு மட்டும் கிட்டத்தட்ட 46 சதவீத எடை. அதில் பெரும்பகுதி அரிசி, காய்கறி, பால் போன்ற உள்நாட்டுச் சரக்கு. தக்காளி விலையை முடிவு செய்வது மழை, டாலர் அல்ல. பெட்ரோலுக்குத் தேவையான கச்சா எண்ணெயில் பத்தில் சுமார் ஒன்பது பங்கு இறக்குமதிதான். ஆனாலும் 2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைந்த பிறகு 2025 இறுதி வரை பங்க் விலை பெரிதாக அசையவில்லை. இடையில் ஏற்படும் லாப நட்டத்தை எண்ணெய் நிறுவனங்களும், கலால் வரி வழியாக அரசும் ஏற்றுக்கொள்கின்றன. அதனால் டாலர் ஏறிய வேகம் பங்க்கில் தெரிவதில்லை.

சமையல் எண்ணெயை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நாம் பயன்படுத்தும் சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது. ஒரு டன் கச்சா பாமாயில் 1,200 டாலர் என்றும், அந்த டாலர் விலை மாறவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். டாலர் 84 ரூபாயாக இருந்தால் அது 1,00,800 ரூபாய். 90 ஆனால் 1,08,000 ரூபாய். 2024 செப்டம்பரில் உயர்த்திய பிறகு இதன் மீது கூடுதல் வரிகளும் சேர்ந்து மொத்தம் 27.5 சதவீத இறக்குமதி வரி இருந்தது. எனவே 84இல் கிலோ சுமார் 128 ரூபாய் 50 காசுக்குக் கரை இறங்கும். 90இல் அதே வரியோடு சுமார் 137 ரூபாய் 70 காசு. ஒன்பது ரூபாய் ஏற்றம், நன்றாகவே உறைக்கும்.

ஆனால் 2025 மே இறுதியில் அரசு இந்த வரியை மொத்தம் 16.5 சதவீதமாகக் குறைத்தது. புதிய வரியோடு கணக்கிட்டால், டாலர் 90 ஆன பிறகும் கிலோ 125 ரூபாய் 80 காசுதான். ரூபாய் 7 சதவீதம் வலுவிழந்தும் கரை இறங்கும் விலை இறங்கியே இருக்கிறது. மாற்று விகிதத்தை மட்டும் பார்த்து விலை எவ்வளவு ஏறும் என்று சொல்பவர்கள் தவறுவது இங்கேதான். வரியும் உலகச் சந்தை விலையும் சேர்ந்துதான் கடை விலையைத் தீர்மானிக்கின்றன.

அப்படியானால் 2025 பிப்ரவரி முடிவு சுலபமானதுதானே?

இல்லை, அந்த ஓராண்டில் உண்மையிலேயே கடினமான முடிவு அதுதான். டிசம்பர் 2025இல் வட்டியைக் குறைத்தபோது பணவீக்கம் தரையில் கிடந்தது. பிப்ரவரியில் குழுவின் கையில் இருந்த கடைசிப் புள்ளிவிவரமோ 2024 டிசம்பருக்கான 5.22 சதவீதம். இலக்கான 4க்கு மேலே. அதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபரில், அது 6.21 ஆகி மேல் எல்லையையே தாண்டியிருந்தது. ரூபாயோ வாரம் ஒரு புதிய தாழ்வைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மறுபக்கம் வளர்ச்சி சறுக்கியிருந்தது. 2024 ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டில் ஜிடிபி வளர்ச்சி 5.4 சதவீதம் என்று முதல் மதிப்பீடு வந்தது. முந்தைய நிதியாண்டு முழுவதற்கும் 8.2 சதவீதம் என்று சொல்லப்பட்டிருந்த நாட்டுக்கு அது பெரிய அதிர்ச்சி. 2024 டிசம்பர் கூட்டத்திலேயே குழுவில் இரண்டு பேர், நாகேஷ் குமாரும் ராம் சிங்கும், கால் சதவீதம் குறைக்கச் சொல்லி வாக்களித்தார்கள். மற்ற நான்கு பேர் பொறுத்திருக்கலாம் என்றதால் வட்டி 6.50இலேயே நின்றது. அந்த மாதமே சக்திகாந்த தாஸின் பதவிக்காலம் முடிந்து சஞ்சய் மல்ஹோத்ரா ஆளுநரானார். பிப்ரவரியில் ஆறு பேரும் ஒரே குரலில் குறைப்புக்கு வாக்களித்தார்கள்.

இரண்டு மாதத்தில் என்ன மாறியது? அக்டோபர் பணவீக்கத்தை உயரத்தில் வைத்திருந்தது காய்கறி. அந்த மாதம் காய்கறி விலை முந்தைய ஆண்டைவிட 42 சதவீதம் கூடியிருந்தது. குளிர்கால வரத்து தொடங்கியதும் அது இறங்குவது வழக்கம், அப்போதும் இறங்கத் தொடங்கியிருந்தது. வட்டி மாற்றம் பொருளாதாரத்தில் வேலை செய்ய மூன்று, நான்கு காலாண்டுகள் ஆகும் என்பதால் குழு பார்க்க வேண்டியது அடுத்த ஆண்டின் பணவீக்கத்தை. அதைச் சராசரியாக 4.2 சதவீதம் என்று கணித்தார்கள். ரூபாயின் சரிவு அதில் கால் புள்ளியோ அரைப் புள்ளியோ சேர்க்கலாம். காய்கறி இறங்குவது அதைவிடப் பல மடங்கு கழித்துவிடும். இந்தக் கணக்கில்தான் தராசு வளர்ச்சியின் பக்கம் சாய்ந்தது.

கணக்கு தப்பியிருக்கவும் கூடும். அடுத்த பருவமழை பொய்த்து, கச்சா எண்ணெயும் ஏறியிருந்தால், ரூபாயின் சரிவு அவற்றோடு சேர்ந்து பணவீக்கத்தை மறுபடி 6ஐ நோக்கித் தள்ளியிருக்கும். நடந்தது நேர் எதிர். மழை நன்றாகப் பெய்தது, எண்ணெய் மலிந்தது, 2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதம் வரை இறங்கியது. அன்று தெரிந்த தகவலை வைத்துப் பார்த்தால் முடிவு நியாயமானதே என்பது என் கருத்து. முடிவு நன்றாக அமைந்ததில் மழையின் பங்கையும் மறைக்கக் கூடாது.

கையில் இவ்வளவு டாலர் இருக்கிறதே, விற்று ரூபாயை நிறுத்திவிட்டு வட்டியையும் குறைக்க வேண்டியதுதானே?

விற்றார்கள், நிறையவே விற்றார்கள். 2024 செப்டம்பர் இறுதியில் 70,000 கோடி டாலரைத் தாண்டியிருந்த கையிருப்பு, 2025 ஜனவரி மத்தியில் சுமார் 62,500 கோடியாகக் குறைந்திருந்தது. ஒரு பகுதி, டாலருக்கு எதிராக மற்ற நாணயங்கள் சரிந்ததால் ஏற்பட்ட கணக்கு மாற்றம். மீதி சந்தையில் விற்றது.

சிக்கல் எங்கே என்றால், ரிசர்வ் வங்கி ஒரு டாலர் விற்கும்போது அதற்கான ரூபாயை வாங்கும் வங்கி கொடுத்தாக வேண்டும். அந்த ரூபாய் வங்கிகளின் புழக்கத்திலிருந்து மறைந்துவிடும். டாலர் 85 ரூபாயாக இருக்கும்போது 100 கோடி டாலர் விற்றால் 8,500 கோடி ரூபாய் உறிஞ்சப்படும். 2024 டிசம்பரில் வங்கிகளுக்குக் கடன் கொடுக்கக் கூடுதல் பணம் வேண்டும் என்று டெபாசிட்டில் வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் கட்டாயம் வைக்க வேண்டிய ரொக்க இருப்பு விகிதத்தை 4.5இலிருந்து 4 சதவீதமாகக் குறைத்தார்கள். அதில் 1.16 லட்சம் கோடி ரூபாய் வெளிவந்தது. சுமார் 1,365 கோடி டாலர் விற்றாலே அத்தனையும் திரும்பிப் போய்விடும். ஒரு கையால் கொடுத்ததை மறு கை எடுத்துக்கொண்டது.

இதன் விளைவு ஜனவரியில் தெரிந்தது. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் நாள்தோறும் லட்சக்கணக்கான கோடி ரூபாய் கடன் வாங்கித்தான் ஓட்டின. வங்கிகள் தங்களுக்குள் ஓரிரவுக்குக் கொடுத்துக்கொள்ளும் கடனின் வட்டி ரெப்போவுக்கு மேலே போனது. இந்த நிலையில் ரெப்போவைக் குறைத்து அறிவித்தால் அது காகிதத்தில் மட்டும் குறைப்பு. வங்கிக்குப் பணம் கிடைக்கும் விலை குறையாதபோது நமக்குக் கடன் வட்டி எப்படிக் குறையும்?

அதனால்தான் பிப்ரவரி கூட்டத்துக்கு முன்பே, ஜனவரி 27 அன்று, பணம் இறக்கும் அறிவிப்புகள் வந்தன: 60,000 கோடி ரூபாய்க்கு அரசுப் பத்திரங்களை வாங்குவது, வங்கிகளுக்கு 56 நாள் கடனாக 50,000 கோடி, அப்புறம் 500 கோடி டாலருக்கு ஆறு மாத ஸ்வாப்.

இந்த ஸ்வாப்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வங்கிகளிடமிருந்து டாலரை வாங்கிக்கொண்டு ரிசர்வ் வங்கி ரூபாய் தருகிறது. ஆறு மாதம் கழித்து, முன்பே பேசிய விலையில், டாலரைத் திருப்பித் தருவதாக ஒப்பந்தம். வங்கிகளுக்கு ரூபாய் கிடைக்கிறது. டாலர் திரும்பி வந்துவிடும் என்று எல்லோருக்கும் தெரிவதால் அன்றைய மாற்று விகிதம் பெரிதாகக் கலங்குவதில்லை. ஆனால் திருப்பித் தர வேண்டிய டாலர் ஒரு கடனாகச் சேர்ந்துகொண்டே போகிறது. பின்னாளில் டாலர் தருவதாகப் போட்ட ஒப்பந்தங்கள் 2025 தொடக்கத்தில் 8,000 கோடி டாலரைத் தாண்டின. கையிருப்பு எவ்வளவு என்று செய்தியில் வரும் எண்ணை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்தக் கடன் தெரியாது. அதையும் கழித்துப் பார்த்தால்தான் ரூபாயைத் தாங்க எவ்வளவு பலம் மிச்சம் இருக்கிறது என்பது புரியும்.

என் கணிப்பில், 2023, 2024இல் ரூபாயை மிகக் குறுகிய வரம்புக்குள் பிடித்து வைத்ததுதான் பிற்பாடு சரிவைக் கூர்மையாக்கியது. ரூபாய் அசையாது என்ற நம்பிக்கையில் டாலர் கடன் வாங்கியவர்கள் பலர், டாலர் ஏறினால் வரும் இழப்பைத் தடுக்கும் காப்பு ஒப்பந்தம் எடுக்கவில்லை. பிடி தளர்ந்ததும் எல்லோரும் ஒன்றாக டாலர் தேடினார்கள்.

2013இல் ரூபாய் விழுந்தபோது வட்டியை ஏற்றினார்களே. இப்போது மட்டும் ஏன் வேறு வழி?

2013 ஜூலை 15 அன்று வங்கிகளுக்கான அவசரக் கடன் வட்டியை ஒரே இரவில் 8.25இலிருந்து 10.25 சதவீதமாக ஏற்றினார்கள். ஆனாலும் ஆகஸ்ட் 28 அன்று டாலர் 68 ரூபாய் 80 காசைத் தொட்டது. அன்றைய நிலைமையே வேறு. நுகர்வோர் பணவீக்கம் 10 சதவீதத்தை ஒட்டி இருந்தது. இறக்குமதி போன்றவற்றுக்காக வெளியே போகும் பணம் உள்ளே வருவதை மிஞ்சும் அளவான நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 2012-13இல் ஜிடிபியில் 4.8 சதவீதம். ஏற்கெனவே எரிகிற விலைவாசியில் ரூபாயின் சரிவும் விழுந்தால், மக்கள் இன்னும் விலையேறும் என்று எதிர்பார்க்கத் தொடங்குவார்கள். கூலி, வாடகை எல்லாம் அதை வைத்தே பேசப்படும். அப்புறம் நிறுத்துவது கடினம்.

2025இல் பணவீக்கம் இறங்குமுகம், பற்றாக்குறையும் சிறியது. இன்னொரு வேறுபாடும் உண்டு. பல நாட்டு நாணயங்களோடு, விலைவாசி வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிடும் ரூபாயின் உண்மை மதிப்புக் குறியீடு 2024 இறுதியில் 108 அளவில் இருந்தது. 100க்கு மேல் என்றால் ரூபாய் சற்றே விலை கூடி நிற்கிறது என்று பொருள். 2025 அக்டோபருக்குள் அது 100க்குக் கீழே வந்துவிட்டது. அதாவது சரிவின் பெரும்பகுதி, கூடி நின்ற விலை சரியானதுதான். அதை எதிர்த்து வட்டியை ஏற்றியிருந்தால், தேவையில்லாத ஒன்றைக் காப்பாற்ற வேலைவாய்ப்பை விலையாகக் கொடுத்திருப்போம்.

ரூபாய் விழுந்தால் திருப்பூருக்கு லாபம்தானே? அதுவே வளர்ச்சிக்குப் போதாதா?

சாதாரண காலத்தில் ஓரளவு உதவும். 5 டாலருக்கு விற்கும் ஒரு பனியன் டாலர் 84இல் 420 ரூபாய் தரும், 90இல் 450 ரூபாய். ஆனால் 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது விதித்த கூடுதல் வரி 50 சதவீதமானது. பழைய 420 ரூபாயே போதும் என்று ஏற்றுமதியாளர் தன் விலையை 4 டாலர் 67 சென்ட்டாக இறக்கினாலும், அந்த வரியோடு அங்கே வாங்குபவருக்கு 7 டாலர் ஆனது. முன்பு 5 டாலர். ரூபாயின் சரிவு மீட்டுத் தந்தது அரை டாலர், வரி பிடுங்கியது இரண்டரை டாலர். இறக்குமதி நூலிழையும் சாயமும் டாலரில் வாங்குபவருக்கு அந்த அரை டாலரும் முழுதாக நிற்காது.

எனவே வளர்ச்சிக்கு உள்நாட்டுத் தேவையைத்தான் நம்ப வேண்டியிருந்தது. வட்டிக் குறைப்பு வேலை செய்வது அங்கே. 20 ஆண்டுக்கு 30 லட்ச ரூபாய் வீட்டுக் கடன், ரெப்போவோடு இணைந்தது, 8.5 சதவீதத்திலிருந்து 7.25க்கு வந்தால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாயிலிருந்து 23,711 ஆகும். டெபாசிட் வட்டியை நம்பி இருக்கும் ஓய்வுபெற்றவர்களுக்கு இதே குறைப்பு இழப்பு என்பதும் உண்மை.

டிசம்பரில் டாலர் 90ஐத் தாண்டியும் குறைத்தார்களே, அது அதிகப்படி இல்லையா?

விலைவாசிப் பக்கம் பார்த்தால் இல்லை. ஓராண்டில் ரூபாய் ஏறக்குறைய 6 சதவீதம் சரிந்ததாகக் கொண்டால், ரிசர்வ் வங்கியின் கணக்குப்படியே பணவீக்கத்தில் அரைப் புள்ளிக்கும் குறைவாகவே சேரும். 0.25 சதவீதப் பணவீக்கத்தில் அது சேர்ந்தாலும் கீழ் எல்லையான 2ஐ எட்டாது. பணவீக்கம் எல்லைக்குக் கீழே கிடப்பதும் இலக்குத் தவறுதலே. விலையே ஏறாத சந்தையில் தொழில்கள் முதலீடு செய்யத் தயங்கும், பழைய கடனின் பாரமும் கூடும். தங்கம், வெள்ளி விலையேற்றம் மட்டுமே அரைப் புள்ளி அளவுக்குப் பணவீக்கத்தில் சேர்ந்திருக்கிறது, அதை நீக்கினால் அடிப்படை அழுத்தம் இன்னும் குறைவு என்று ஆளுநரும் சொன்னார்.

கேள்வி எழுப்ப வேண்டிய இடம் வளர்ச்சிப் பக்கம்தான். அதற்கு ஒரு வாரம் முன்பு வந்த காலாண்டு வளர்ச்சி 8.2 சதவீதம். 2024இல் இருந்த அவசரம் இப்போது எங்கே? அதோடு 2026-27இன் முதல் இரண்டு காலாண்டுகளில் பணவீக்கம் 3.9, 4.0 ஆகிவிடும் என்று வங்கியே கணித்தது. ரூபாயின் சரிவு விலையில் முழுதாக இறங்கும் காலமும் கிட்டத்தட்ட அதுதான். இந்தக் குறைப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. பிப்ரவரியில் இருந்த அளவுக்கு வலுவான காரணம் டிசம்பரில் இல்லை என்கிறேன்.

வட்டிக் குறைப்புப் பாதை தப்பிப் போகிறது என்றால் எப்படித் தெரியும்?

தினமும் டாலர் விலையைப் பார்ப்பதால் அதிகம் தெரியாது. உணவு, எரிபொருள், தங்கம் மூன்றையும் நீக்கிய பணவீக்கம் மாதாமாதம் ஏறுகிறதா என்று பாருங்கள். போன், மருந்து, துணி, வாகன உதிரிபாகம் போன்றவற்றில் ரூபாயின் சரிவு இறங்குவது அங்கேதான் முதலில் தெரியும். விற்பவர்கள் பழைய சரக்கை விற்று முடித்துப் புதிய சரக்குக்கு விலை போடச் சில மாதங்கள் ஆகும் என்பதால், சரிவு நடந்த மாதத்திலேயே இதைத் தேடினால் கிடைக்காது.

அடுத்தது, ரிசர்வ் வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குடும்பங்களிடம் நடத்தும் எதிர்பார்ப்புக் கணக்கெடுப்பு. ஓராண்டு கழித்து விலை எவ்வளவு ஏறியிருக்கும் என்று கேட்பார்கள். மக்கள் சொல்லும் எண் எப்போதும் உண்மைப் பணவீக்கத்தைவிடக் கூடவே இருக்கும். அதனால் அது எத்தனை என்பதைவிட, ஏறுகிறதா என்பதே முக்கியம்.

மூன்றாவது, வங்கிகளின் ஓரிரவுக் கடன் வட்டி. அது ரெப்போவுக்கு மேலேயே நின்றால், ரூபாயைத் தாங்க விற்ற டாலர் உள்ளே பணத்தை வற்றச் செய்கிறது, அறிவித்த குறைப்பு கடன் வாங்குபவருக்குப் போய்ச் சேரவில்லை என்று பொருள். டிசம்பரில் வட்டிக் குறைப்போடு சேர்த்து ஒரு லட்சம் கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்குவதாகவும், 500 கோடி டாலருக்கு மூன்றாண்டு ஸ்வாப் செய்வதாகவும் அறிவித்தது இதைத் தவிர்க்கத்தான்.